எழுமலை மெக்கானிக் கையில் ஒரு மேட்ரிக்ஸ்

(பேச்சாக வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வாயால் சொன்ன சமன்பாடுகளையும் கோடையும் இங்கே தனியாகப் போட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எழுமலை. தெரியாதவங்களுக்கு, மதுரையில இருந்து உசிலம்பட்டி போய், அங்க இருந்து தெற்க திரும்பினா மலையடிவாரத்துல வர்ற ஊர். அப்பா பைக்கை எடுத்துக்கிட்டு உசிலம்பட்டி ரோட்டுல போனேன். முதல் வேகத்தடையில ஏறி இறங்கினதும் வண்டி குதிக்க ஆரம்பிச்சது. ஒரு தடவை இல்ல, அஞ்சாறு தடவை. குதிரை மேல போற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து, "அப்பா, பின்னாடி ஷாக் போயிருச்சுப்பா"ன்னு சொன்னேன். "ஓடுதுல்லடா, அது பாட்டுக்கு ஓடட்டும்"னாரு. அம்மா அந்த வண்டி பின்னாடிதான் தினமும் உக்காந்து போறாங்க.

மறுநாள் மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவர் ஸ்பேனர் எதையும் தொடல. பின் சீட்டு மேல ரெண்டு கையையும் வெச்சு, உடம்பு வெயிட்டைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கி, விட்டாரு. வண்டி மேல கீழன்னு ஆடிச்சு. எண்ணினாரு. "தம்பி, ஆயில் போயிருச்சு. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டாரு.

ஒரே அமுக்கு. அதுலயே ஸ்பிரிங் நல்லா இருக்கு, ஆயில் போச்சுன்னு ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுச் சொல்லிட்டாரு. எப்படின்னு யோசிச்சேன். காலேஜ்ல ஒரு செமஸ்டர்ல டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், இன்னொரு செமஸ்டர்ல மேட்ரிக்ஸ்னு தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். அது ரெண்டும் ஒரே விஷயம்னு எனக்கு உறைச்சது அந்தக் கடை வாசல்லதான். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல சமன்பாடு

பின் சக்கரத்துக்கு மேல இருக்குற எடையை 100 கிலோன்னு வெச்சுக்குவோம். வண்டியோட பாதி, ஓட்டுறவர், பின்னாடி இருக்குறவர்னு எல்லாம் சேர்ந்த பங்கு. ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் அமுக்க 10,000 நியூட்டன் வேணும். அதாவது 1 சென்டிமீட்டருக்கு 100 நியூட்டன். ஷாக் அப்சர்பருக்குள்ள இருக்குற ஆயில், வேகத்தை எதிர்க்கும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல அமுக்கினா 1,200 நியூட்டன் எதிர்ப்பு. இதெல்லாம் கணக்கு சுலபமா வரணும்னு நான் உருட்டி எடுத்த எண்கள், ஆனா நிஜ வண்டியோட அளவை ஒட்டித்தான் இருக்கும்.

சீட்டு சும்மா நிக்குற இடத்துல இருந்து எவ்வளவு கீழ இறங்கியிருக்குன்றது x. நிக்குற இடத்துல இருந்து அளக்குறதால, புவியீர்ப்பைத் தனியாச் சேர்க்க வேண்டாம். அதை ஸ்பிரிங் ஏற்கெனவே தாங்கிக்கிட்டு இருக்கு. நியூட்டனோட ரெண்டாம் விதியை எழுதி 100-ஆல வகுத்தா இது வரும்:

```
x'' = -100 x - 12 x'
```

x-க்கு மேல ரெண்டு கோடு போட்டிருக்கிறது முடுக்கம். பிளஸ் டூ புத்தகத்துல வர்ற இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு இதுதான்.

ஒரு போட்டோ போதாது

இப்ப ஒரு கேள்வி. ஆடிக்கிட்டு இருக்குற சீட்டை ஒரு போட்டோ எடுத்து உங்ககிட்ட குடுக்குறேன். அதுல சீட்டு சரியா நடுவுல இருக்கு, x பூஜ்யம். அடுத்த நொடி அது எங்க இருக்கும்னு சொல்ல முடியுமா?

முடியாது. வண்டி சும்மா நிக்குதா, மேல போற வழியில நடுவைத் தாண்டுதா, கீழ இறங்குற வழியில தாண்டுதான்னு அந்தப் போட்டோவுக்குத் தெரியாது. வேகமும் தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன நடக்கும்னு சொல்லலாம். "இரண்டாம் வரிசை"ன்னா அர்த்தமே இதுதான்: இந்தப் பொருளோட இப்போதைய நிலைமையைச் சொல்ல ரெண்டு எண் வேணும்.

அப்ப அந்த ரெண்டு எண்ணையும் வெளிப்படையாவே வெச்சுக்குவோம். x-ஓட வேகத்துக்கு v-ன்னு பேர் வைப்போம்.

```
x' =    0·x +  1·v
v' = -100·x - 12·v
```

முதல் வரியைப் பார்த்தா ஏமாத்து வேலை மாதிரி இருக்கும். v-ன்னு பேர் வெச்சதும் நாமதான், அதையே ஒரு சமன்பாடுன்னு எழுதுறதும் நாமதான். ஆனா பலன் பாருங்க. ரெண்டு கோடு போட்டது எங்கயும் இல்ல. எல்லாம் முதல் வரிசை ஆயிருச்சு. பெருக்குற எண்களை மட்டும் தனியா எடுத்தா மேட்ரிக்ஸ் கிடைக்குது. x, v ரெண்டையும் அடுக்கி s-ன்னு சொன்னா, மொத்த வண்டியும் ஒரே வரி:

```
A = [   0     1 ]
    [ -100  -12 ]

s' = A s
```

இது ஏன் நல்ல வடிவம்? இதே சமன்பாடு ஒரு எண்ணுக்கு மட்டும் இருந்தா, அதாவது y' = a·y-ன்னு இருந்தா, விடை உங்களுக்கே தெரியும். e-யோட at அடுக்கு. கூட்டு வட்டி மாதிரி. இப்ப a இருந்த இடத்துல A வந்திருக்கு, அவ்வளவுதான்.

தீர்க்குறது எப்படி

மேட்ரிக்ஸ்ல என்ன தொல்லைன்னா, x-ஐ v இழுக்குது, v-ஐ x இழுக்குது. ரெண்டும் பின்னிக்கிட்டு கெடக்கு. பின்னலைப் பிரிக்க ஒரு வழி இருக்கு. A-யால பெருக்கினாலும் திசை மாறாம, நீளம் மட்டும் மாறுற s ஏதாவது இருக்கான்னு தேடணும். அந்தத் திசையில வண்டி வெறும் கூட்டு வட்டிக் கணக்குதான். எத்தனை மடங்கு மாறுதோ அந்த எண்தான் ஐகன் மதிப்பு. அதை λ-ன்னு எழுதுவாங்க.

திசையைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். முதல் வரி x' = v. x, λ மடங்கா மாறுதுன்னா v = λx. அதனால திசை எப்பவுமே (1, λ)தான். ஏமாத்து வேலைன்னு நினைச்ச முதல் வரிதான் இந்த வேலையைச் செய்யுது. இதை ரெண்டாம் வரியில போட்டா:

```
λ² + 12 λ + 100 = 0
λ = -6 ± 8i
```

கம்ப்யூட்டர்லயும் சரி பார்க்கலாம்:

```python
import numpy as np
A = np.array([[0, 1], [-100, -12]])
print(np.linalg.eigvals(A))
```

இங்க ஒரு சின்ன சோதனை வழக்கமா வெச்சுக்கங்க. ரெண்டு ஐகன் மதிப்பையும் கூட்டினா, மேட்ரிக்ஸோட மூலைவிட்டத்துல இருக்குற எண்களோட கூட்டல் வரணும். இங்க -12. பெருக்கினா டிடர்மினன்ட் வரணும். 36 + 64 = 100. சரியா இருக்கு. நிறைய பேர் ரெண்டாவது வரியில மைனஸைத் தூக்கிட்டு எழுதிடுவாங்க, இல்ல 100-ஐயும் 12-ஐயும் இடம் மாத்திடுவாங்க. இந்தச் சோதனையில அது உடனே மாட்டிக்கும்.

-6, 8 ரெண்டும் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். -6 வந்து அடங்குற வேகம். ஆட்டம் e-யோட -6t அடுக்கா சுருங்குது. அரை வினாடியில 5 சதவீதம்தான் மிச்சம். 8 வந்து ஆடுற வேகம். 6.28-ஆல வகுத்தா வினாடிக்கு 1.27 ஆட்டம்.

மெக்கானிக் அண்ணன் மாதிரி 5 சென்டிமீட்டர் அமுக்கி விடுவோம். ஆரம்பத்துல x = 0.05, v = 0. ரெண்டு திசையையும் கலந்து இந்த ஆரம்பத்தைப் பிடிச்சா, i எல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போய் நிஜ எண் மட்டும் மிஞ்சும்:

```
x(t) = 0.05 e^(-6t) (cos 8t + 0.75 sin 8t)
```

சீட்டு மேல ஏறி, நடுவைத் தாண்டி, 0.39 வினாடியில மறுபக்க உச்சிக்குப் போகுது. அங்க அளவு என்ன தெரியுமா? அரை சென்டிமீட்டர் கூட இல்ல, 4.7 மில்லிமீட்டர். அப்புறம் அப்படியே உக்காந்துரும். நல்ல ஷாக் அப்சர்பர் இப்படித்தான் இருக்கும்.

அப்பா வண்டியோட மேட்ரிக்ஸ்

இப்ப அப்பா வண்டி. ஆயில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதனால தலைகீழா வந்தேன். அப்பாவை வண்டி மேல உக்கார வெச்சு, சீட்டு பக்கத்துல ஒரு ஸ்கேலை நட்டு, அமுக்கி விட்டு போன்ல வீடியோ எடுத்தேன். "என்னத்தடா பண்ற"ன்னு திட்டிக்கிட்டேதான் உக்காந்திருந்தாரு.

கீழ 5 சென்டிமீட்டர்ல விட்டது, ஒரு சுத்து ஆடி மறுபடி கீழ வரும்போது 3.4 வரைக்கும் வந்துச்சு. அதுக்கு அடுத்த தடவை 2.4. வீடியோவுல ஒரு சுத்துக்கு 19 ஃபிரேம். வினாடிக்கு 30 ஃபிரேம், அப்ப ஒரு சுத்துக்கு 0.63 வினாடி.

இது போதும். 6.28-ஐ 0.63-ஆல வகுத்தா சுமார் 10. அது ஆடுற வேகம். 5, 3.4 ஆச்சுன்னா விகிதம் 0.68. அதோட லாகரிதம் சுமார் -0.39. 0.63-ஆல வகுத்தா சுமார் -0.6. அது அடங்குற வேகம். ஆக, ஐகன் மதிப்பு -0.6 ± 10i. கூட்டினா -1.2, பெருக்கினா சுமார் 100. மேட்ரிக்ஸ் கையில வந்துருச்சு:

```
A = [   0     1  ]
    [ -100  -1.2 ]
```

100 அப்படியே இருக்கு, அதாவது ஸ்பிரிங் நல்லா இருக்கு. 12 இருக்க வேண்டிய இடத்துல 1.2 இருக்கு. ஆயிலோட வேலையில பத்துல ஒரு பங்குதான் மிச்சம். மெக்கானிக் அண்ணன் கையால படிச்சது இந்த ரெண்டு எண்ணையும்தான். எவ்வளவு வேகமா ஆடுதுன்றதுல ஸ்பிரிங்கைப் பார்த்தாரு, எத்தனை தடவை ஆடுதுன்றதுல ஆயிலைப் பார்த்தாரு. நல்ல ஷாக் அரை வினாடியில 5 சதவீதத்துக்கு வந்துரும், இதுக்கு 5 வினாடி ஆகும். அதுக்குள்ள எட்டு ஆட்டம்.

நான் மாட்டிக்கிட்ட இடம்

அப்பாவுக்கு ஒரு கிராஃப் காட்டலாம்னு நினைச்சேன். சின்னதா ஒரு சிமுலேஷன் எழுதினேன். s' = As-ன்னு இருக்கே, நேரத்தை 0.1 வினாடித் துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் வேகத்தைப் பெருக்கிக் கூட்டிக்கிட்டே போனாப் போதும். ஆய்லர் 1768-லயே எழுதி வெச்ச முறை.

```python
h = 0.1
x, v = 0.05, 0.0
for i in range(50):
    x, v = x + h*v, v + h*(-100*x - 1.2*v)
```

1.2 இருக்குற இடத்துல 12 போட்டு ஓட்டினேன். அழகா அடங்குச்சு. சரி, கோட் சரியா இருக்குன்னு நம்பி 1.2 போட்டேன். 5 வினாடி முடியும்போது, 5 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்ச ஆட்டம் 70 லட்சம் மடங்கு ஆகியிருந்துச்சு. கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர் அளவு. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுத்துறதே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துலதான். அப்பா வண்டி அங்க போயிட்டு இருந்துச்சு.

ஒரு மணி நேரம் சமன்பாட்டுல மைனஸ் எங்க விட்டேன்னு தேடினேன். எங்கயும் விடல. தப்பு h-ல இருந்துச்சு. அதையும் மேட்ரிக்ஸ்தான் காட்டிக் குடுத்துச்சு.

அந்த லூப்போட ஒவ்வொரு சுத்தும் s-ஐ I + hA-ன்ற மேட்ரிக்ஸால பெருக்குது. அதோட ஐகன் மதிப்பு 1 + hλ. அதோட அளவு 1-ஐ விடக் கம்மியா இருந்தா ஆட்டம் அடங்கும், கூட இருந்தா வெடிக்கும். அளவோட வர்க்கத்தை எழுதினா:

```
|1 + hλ|² = 1 - 1.2 h + 100 h²
```

இது 1-க்குக் கீழ இருக்கணும்னா h, 0.012-ஐ விடச் சின்னதா இருக்கணும். நான் போட்டது 0.1. நல்ல ஷாக்குக்கு 1.2 இருக்குற இடத்துல 12 வரும், எல்லை 0.12. அதனாலதான் அதே 0.1 அங்க தப்பிச்சது. ஒரு நல்ல கேஸ்ல டெஸ்ட் பண்ணிட்டு கோட் சரின்னு முடிவு பண்ணினது என் தப்பு.

இதுல வெடிக்கிறதை விட மோசமான ஒண்ணு இருக்கு. h-ஐ 0.01 ஆக்குங்க. வெடிக்காது. கிராஃப் அழகா, நம்புற மாதிரி வரும். ஆனா ஒரு சுத்துக்கு அளவு 0.999-ஆல சுருங்கும். நிஜத்துல சுருங்க வேண்டியது 0.994. அதாவது 5 வினாடியில அடங்க வேண்டியது 30 வினாடி ஆடும்னு கிராஃப் சொல்லும். அதனால h-ஐப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்க. விடை மாறினா, நீங்க பார்த்துக்கிட்டு இருக்கிறது வண்டியை இல்ல, உங்க h-ஐ.

மாறாத மேட்ரிக்ஸா இருந்தா இந்தத் தலைவலியே வேண்டாம். கூட்டு வட்டி விடையை நேரடியா எடுத்துக்கலாம்:

```python
from scipy.linalg import expm
A = np.array([[0, 1], [-100, -1.2]])
s = np.array([0.05, 0.0])
E = expm(A * 0.1)
for i in range(50):
    s = E @ s
```

இதுல 0.1 போட்டாலும் சரியான விடைதான். அது எந்தெந்த நேரத்துல எட்டிப் பார்க்குறோம்ன்றது மட்டும்தான், தோராயம் எதுவும் இல்ல.

ஆயிலைக் கூட்டிக்கிட்டே போனா?

கனமான ஆயில் ஊத்தினா இன்னும் நல்லா இருக்குமேன்னு தோணும். 12-ஐ 20 ஆக்கிப் பாருங்க. λ ரெண்டும் -10. ஆட்டம் சுத்தமா போயிரும். ஆனா இங்க கவனம். ரெண்டு மதிப்பும் ஒண்ணாயிட்டதால திசையும் ஒண்ணே ஒண்ணுதான், (1, -10). ஒரு திசையை வெச்சு எல்லா ஆரம்பத்தையும் பிடிக்க முடியாது. நம்ம செஞ்ச பிரிப்பு வேலை இங்க உடையும். விடையில கூடுதலா ஒரு t வந்து உக்காரும்: 0.05 (1 + 10t) e^(-10t). expm-க்கு இது பிரச்சினையே இல்ல.

இன்னும் கூட்டி 25 ஆக்கினா, λ = -5, -20. இதுல -20 சட்டுன்னு காணாமப் போயிரும், -5 இழுத்துக்கிட்டே இருக்கும். 12-ல -6 இருந்துச்சு, இப்ப -5. ஆயிலைக் கூட்டினதும் வண்டி பழைய இடத்துக்கு வர இன்னும் லேட்டாகுது! வரிசையா பள்ளம் இருக்குற ரோட்டுல, சீட்டு மேல வர்றதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துரும்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. நிஜ ஷாக் அப்சர்பர்ல அமுக்கும்போது ஒரு எதிர்ப்பு, திரும்ப விரியும்போது அதை விடக் கூடுதல் எதிர்ப்பு. அப்ப ஒரே A போதாது. அடுத்து, டயரும் ஒரு ஸ்பிரிங்தான். சக்கரம் தனியா ஆடும். அதையும் சேர்த்தா ரெண்டு இரண்டாம் வரிசைச் சமன்பாடு, நாலு எண், 4×4 மேட்ரிக்ஸ். செய்முறை ஒரு வரி கூட மாறாது. இந்த வடிவத்துக்கு மாத்தினதோட நிஜ லாபம் அதுதான்.

அந்த 4×4-லதான் ஆபத்தும் தெரியும். ஆயில் போனா சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளுற நேரத்துல பிரேக் பிடிச்சா பிடிக்க அங்க ரோடே இல்ல.

அப்பாகிட்ட சரியான கிராஃபைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாரு. "இதைத்தானடா அவன் அமுக்கிப் பார்த்துச் சொன்னான்"னாரு. சாயங்காலம் ரெண்டு பக்கமும் புது ஷாக் மாட்டிட்டு வந்தோம். வீட்டு வாசல்ல நிறுத்தி, இந்தத் தடவை அவரே அமுக்கி விட்டாரு. ஒரு தடவை மேல வந்துச்சு, நின்னுருச்சு.

உங்க வண்டியையும் இன்னைக்கு ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க. எண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வணக்கம்.